சண்டை முடிந்த சேதி யாருக்கும் போவதில்லை

கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. ஒரு சாயங்காலம் கணவர் குளிக்கப் போயிருக்கிறார். மேஜை மேல் இருக்கும் அவருடைய போனில் வங்கியிலிருந்து ஒரு மெசேஜ் வந்து விழுகிறது. தனிநபர் கடனுக்கான மாதத் தவணை 9,400 ரூபாய் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதாம். அப்படி ஒரு கடன் இருப்பதே மனைவிக்குத் தெரியாது. கேட்டதும், தம்பி மொபைல் கடை வைக்க இரண்டு லட்சம் வாங்கிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறார். "உன்கிட்ட சொன்னா வேண்டாம்னு சொல்லுவ. அதான் சொல்லல."

அன்று இரவே மனைவி திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு போன் செய்கிறார். அழுகையும் ஆத்திரமுமாக முக்கால் மணி நேரம் பேசுகிறார். கடன், தவணை, தம்பி என்று தொடங்கிய பேச்சு போகிற போக்கில் வேறு விஷயங்களையும் இழுத்துக்கொள்கிறது. கணவருக்கு ஆபீஸில் போன வருடம் கிடைக்க வேண்டிய சம்பள உயர்வு கிடைக்காதது, அதை அவர் தன் அப்பாவிடமே மறைத்தது, அந்தத் தம்பிக்குக் குடிப்பழக்கம் இருப்பது என எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. மனம் கொஞ்சம் லேசாகி மனைவி தூங்கப் போகிறார். அம்மாவுக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

நான்கு நாளில் தம்பதி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தம்பி மாதம் ஐயாயிரம் திருப்பித் தர வேண்டும். வங்கிக் கணக்கின் மெசேஜ்கள் இனி இருவர் போனுக்கும் வர வேண்டும். பத்தாயிரத்துக்கு மேல் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கேட்காமல் நடக்கக் கூடாது. கணவர் மன்னிப்பு கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சினிமாவுக்குப் போகிறார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் அம்மா அப்பாவிடமும், அப்பா தன் தம்பியிடமும், அந்தச் சித்தப்பா மாமாவிடமும் பேசி முடித்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மாமாவின் போன் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போகிறது. "சம்பந்தி, ஒரு விஷயம் நேர்ல பேசணும்."

இந்தக் கதையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. மகள் அழுததைக் கேட்ட பெற்றோர் செய்வதைத்தான் அவர்கள் செய்தார்கள். தவறு வேறொரு இடத்தில் இருக்கிறது. மகள் சண்டையைச் சொன்னார், சமாதானத்தைச் சொல்லவில்லை. யாரும் சொல்வதில்லை. சண்டை வந்தால் போன் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. சினிமாவுக்குப் போன அன்று "அம்மா, நாங்க பேசி முடிச்சுட்டோம், இன்னின்னபடி ஏற்பாடு செஞ்சிருக்கோம்" என்று முக்கால் மணி நேரம் பேச யாருக்கும் தோன்றுவதில்லை. அதனால் பெற்றோரிடம் சேர்ந்திருக்கும் கணக்கில் மாப்பிள்ளையின் குற்றங்கள் மட்டுமே இருக்கின்றன. அவர் மன்னிப்பு கேட்டபோது முகம் எப்படி இருந்தது என்று அவர்கள் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அவர் போட்டுக் கொடுத்த காபியை அவர்கள் குடிக்கவில்லை. தீபாவளிக்கு மாப்பிள்ளை வரும்போது மாமனார் "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்கிறார் என்றால், அவரைப் பொறுத்தவரை அந்தச் சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தம்பதிக்குள் நடப்பதை வெளியே சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி எழும்போது, நம் வீடுகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்பது ஒன்று. மனசில் வைத்துப் புழுங்காதே, யாரிடமாவது கொட்டிவிடு என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி வழிக்குத்தான் உதவும். எந்த விஷயத்தை, யாரிடம், எதற்காக என்று பிரித்துப் பார்த்தால்தான் கேள்வியே தெளிவாகும்.

அந்த முக்கால் மணி நேரப் பேச்சையே பிரித்துப் பார்க்கலாம். அதில் மூன்று வகை விஷயங்கள் கலந்திருந்தன. முதலாவது, மனைவியின் சொந்த வலி. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைம்மா" என்பது அவருடையது. அதை யாரிடம் சொல்லவும் அவருக்கு முழு உரிமை உண்டு. இரண்டாவது, இருவருக்கும் பொதுவான விவரங்கள். கடன் எவ்வளவு, தவணை எவ்வளவு, வீட்டுச் செலவு எப்படி இடிக்கிறது என்பவை அதில் சேரும். இவற்றை வெளியே கொண்டுபோகும் முன் மற்றவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. மூன்றாவது, கணவர் தன் மனைவியை நம்பி மட்டும் சொன்னவை. சம்பள உயர்வு கிடைக்காததும் தம்பியின் குடிப்பழக்கமும் இந்த வகை. கடன் சண்டைக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. கோபத்தில், குற்றப்பத்திரிகையை கனமாக்குவதற்காக உள்ளே இழுக்கப்பட்டவை.

பிறகு பெரிய சேதம் செய்வதும் இந்த மூன்றாம் வகைதான். பேச வந்த மாமா, "உங்க பையனுக்கு இன்கிரிமென்ட்டும் வரல, இதுல தம்பிக்குக் கடன் வேற" என்று மாப்பிள்ளையின் அப்பா முன்னால் சொல்லிவிடுகிறார். கடன் பிரச்சினை அந்த நொடியில் சின்னதாகிவிடுகிறது. கணவர் அதற்குப் பிறகு மனைவியிடம் ஆபீஸ் விஷயம் எதையும் பேசாமல் இருந்தால், அதை வீம்பு என்று சொல்லிவிட முடியாது. எது எங்கே போய்ச் சேரும் என்று அவர் இப்போது பார்த்துவிட்டார்.

வெளியே சொல்வது உறவை எப்படி மாற்றுகிறது என்பதை அமெரிக்க சமூகவியலாளர் டயான் வாகன் நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசி ஆராய்ந்தார். 1986-ல் அது புத்தகமாக வந்தது. உறவு முறிந்தவர்கள் அந்த முறிவு வரை வந்த பாதையை அவரிடம் விவரித்தார்கள். மனக்குறை உள்ளவர் முதலில் அதை மூன்றாம் நபரிடம் சொல்லிப் பார்க்கிறார். கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் துணையின் நல்ல பக்கத்தை விட்டுவிட்டு மோசமான பக்கத்தையே அடுக்குகிறார். பலமுறை அப்படிச் சொன்ன பிறகு, சொன்னவருக்கே துணை அப்படிப்பட்டவராகத் தெரியத் தொடங்குகிறது. கேட்டவர்களும் அந்தச் சித்திரத்தை நம்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மனம் மாறிச் சேர்ந்து வாழ நினைத்தால், தன்னைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வளவும் அமெரிக்காவில் நடந்தது. கல்யாணத்தையே இரண்டு குடும்பங்கள் பேசி முடிக்கும் நம் ஊரில், விளக்கம் சொல்ல வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை இன்னும் அதிகம்.

அதற்காகக் குடும்பத்தை ஒதுக்கி வைப்பதும் சரியல்ல. பெரியவர்களை வைத்துப் பேசியதால் மீண்ட குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். கணவன் மனைவி ஊடலில் மூன்றாம் மனிதர் நடுவே வருவது நமக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியத்தின் கற்பியல் அப்படித் தூது நடப்பவர்களை வாயில்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், விறலி, விருந்தினர், அறிவர் என்று மொத்தம் பன்னிரண்டு வகையினர். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது கவனிக்கத் தகுந்த ஒரு விஷயம் உண்டு. பெண்ணின் அப்பாவும் அண்ணன்மாரும் அதில் இல்லை. பாணனும் விருந்தினரும் உள்ளே வரலாம். கௌரவப் பிரச்சினை ஆக்கக்கூடிய ரத்த உறவு ஆண்களுக்கு இடமில்லை. இன்றைய ஊர்ப் பேச்சுவார்த்தையில் முன்வரிசையில் உட்காருபவர்களோ அவர்கள்தான்.

அப்படியானால் யாரிடம் சொல்வது? இரண்டு பேர் மீதும் பிரியம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் தகுதி. நம் தம்பதிக்கு அப்படி ஒருவர் இருந்திருக்கலாம். மனைவியின் பெரியக்கா, அதே ஊரில் இருப்பவர், தங்கை கணவரோடு உரிமையாகச் சண்டையும் போடுவார், சிரித்தும் பேசுவார். அவரிடம் போய், "அக்கா, இது அம்மா அப்பாவுக்குப் போக வேண்டாம். நான் கோபத்துல இருக்கேன், கொஞ்ச நேரம் கேளு" என்று தொடங்கியிருந்தால் பேச்சின் போக்கே வேறாக இருந்திருக்கும். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு காரியங்கள் நடந்துவிடுகின்றன. விஷயம் யாரிடம் போகக் கூடாது என்பது தெளிவாகிறது. கேட்பவர் நியாயம் சொல்ல வேண்டுமா, கேட்டால் மட்டும் போதுமா என்பதும் தெளிவாகிறது. பெரும்பாலான கேட்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். தங்களிடம் எதைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல், தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கேட்பவர்களுக்கே பயிற்சி கொடுக்கலாம் என்று யோசித்தவர் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டோஹர்ட்டி. பல ஆண்டுகளாகத் தம்பதி ஆலோசகராக இருந்தவர். பிரச்சினை வந்தால் மக்கள் முதலில் போவது ஆலோசகரிடம் அல்ல, தோழியிடமும் அண்ணனிடமும்தான் என்பதைப் பார்த்து, அப்படிப்பட்ட சாதாரண மனிதர்களுக்காக ஒரு வகுப்பைத் தொடங்கினார். விபத்து நடந்த இடத்தில் ஆம்புலன்ஸ் வரும் முன் உதவுபவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி போல அதை வைத்துக்கொண்டார். அதில் அவர் வற்புறுத்துவது, பக்கம் சேராமல் கேட்க வேண்டும் என்பது. "அவன் எப்பவுமே அப்படித்தான்" என்று அக்கா சொன்னால் தங்கைக்கு அந்த நேரத்தில் இதமாக இருக்கும். ஆனால் அடுத்த வாரம் சமாதானம் ஆன பிறகு, அந்த வாக்கியம் அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் கிடக்கும். "சொல்லாம வாங்கினது உனக்கு ரொம்ப வலிச்சிருக்கு, புரியுது. அவர் என்ன பயந்து மறைச்சார்னு கேட்டியா?" என்பது கேட்க அவ்வளவு இதமாக இருக்காது. இருந்தாலும், மறுநாள் வீட்டில் பேச அது உதவும்.

நல்ல தோழியிடம் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மிசௌரி பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் அமாண்டா ரோஸ், பள்ளி வயதுப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்தவர். ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசி, அதன் ஒவ்வொரு இழையையும் பிரித்து, வரப்போகும் கெடுதல்களை ஊகித்துக்கொண்டே இருக்கும் நட்புகளை அவர் 2002 முதல் தனியாகக் கவனித்தார். அப்படிப் பேசும் தோழிகள் மேலும் நெருக்கமாகிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடி கேட்டபோது, பெண் பிள்ளைகளுக்குச் சோர்வும் பதற்றமும் கூடியிருந்தன. நெருக்கம் வளர்வதால் பேச்சு நன்மை செய்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். அதனால் மேலும் பேசினார்கள்.

இது பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு. ஆனால் இரவு பத்தரைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் முப்பது வயதுத் தோழிகளுக்கு அந்த வட்டம் தெரியாததல்ல. எந்தப் பேச்சு உதவுகிறது, எந்தப் பேச்சு வட்டமடிக்கிறது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமும் இல்லை. ஒரே சம்பவத்தை மூன்றாவது முறை சொல்லும்போது புதிதாக ஏதாவது புரிந்ததா என்று பார்க்கலாம். போனை வைத்த பிறகு கணவரிடம் கேட்க ஒரு கேள்வி கையில் இருக்கிறதா, அல்லது அவர் மீது இன்னொரு குற்றச்சாட்டு கூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. கணவரிடம் சொல்ல வேண்டியதைத் தோழியிடம் சொல்லி முடித்ததும், கணவரிடம் சொல்லும் வேகமே அடங்கிப்போனால், அந்தப் பேச்சு வீட்டில் நடக்க வேண்டிய பேச்சின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்று பொருள்.

ஆண்கள் பக்கம் கதை தலைகீழ். கல்யாணமான பல ஆண்களுக்கு மனம் விட்டுப் பேச இருக்கும் ஒரே ஆள் மனைவிதான். அந்த மனைவியோடுதான் சண்டை என்றால், பேச உலகத்தில் யாரும் இல்லாமல் போகிறது. டீக்கடையில் நண்பர்களோடு நின்று "வீட்ல ஒரே போர்தான் மச்சி" என்று சிரிப்பாகச் சொல்வதோடு முடித்துக்கொள்கிறார்கள். அவர்களும் சிரிக்கிறார்கள். எதுவும் சொன்னதாகவும் ஆகவில்லை, மனைவியைக் கேலிப்பொருள் ஆக்கியதுதான் மிச்சம். அவர் எங்கேயாவது இதைக் கேள்விப்பட்டால், அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசியதற்கு நிகரான காயம் அது. நம் கணவர் அந்த இரண்டு லட்சத்தைப் பற்றி யாராவது ஒரு நண்பரிடம், விளையாட்டாக இல்லாமல், "தம்பி கேட்குறான், வீட்ல சொல்ல பயமா இருக்கு" என்று முன்பே பேசியிருந்தால், "முதல்ல வீட்ல சொல்லுடா" என்று அந்த நண்பர் சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு. வெளியே சொல்வதில் இப்படி ஒரு பயனும் இருக்கிறது. மறைப்பது அதோடு நின்றிருக்கும்.

யாரிடமும் சொல்ல முடியாத இரவுகளுக்கு ஒரு சின்ன வழியை சிகாகோ பக்கம் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் எலி ஃபிங்கலும் சக ஆய்வாளர்களும் 120 தம்பதிகளை இரண்டு வருடம் தொடர்ந்தார்கள். 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் வருடம் எல்லோருக்கும் திருமணத் திருப்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இரண்டாம் வருடம் பாதிப் பேருக்கு ஒரு எழுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கடைசியாக வந்த சண்டையை, இரண்டு பேருக்கும் நல்லது நினைக்கும் நடுநிலையான ஒருவர் பார்த்தால் எப்படிப் பார்ப்பார் என்று எழுத வேண்டும். ஒரு முறைக்கு ஏழு நிமிடம், வருடத்துக்கு மூன்றே முறை. எழுதியவர்களுக்குத் திருப்தி மேலும் சரியவில்லை. எழுதாதவர்களுக்குச் சரிந்துகொண்டே போனது. சண்டையின் எண்ணிக்கை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். சண்டை தந்த மன உளைச்சல்தான் குறைந்திருந்தது. நல்ல அக்கா செய்யும் வேலையை ஒரு நோட்டுப் புத்தகமும் ஓரளவு செய்யும் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். நோட்டுப் புத்தகம் மாமாவுக்கு போன் செய்யாது என்பது கூடுதல் வசதி.

ஆனால் அது காகிதமாக இருப்பது நல்லது. கோபத்தில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது பெறுபவரின் போனில் தங்கிவிடுகிறது. கணவரின் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தோழிகள் குழுவில் போட்டால், அதற்குப் பிறகு அது யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. வழக்கு என்று ஒன்று வந்தால் நிலைமை இன்னும் இறுக்கமானது. குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984-ன் 14-வது பிரிவு, வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிமன்றம் கருதும் எந்த ஆவணத்தையும் வாக்குமூலத்தையும் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி இல்லாமல் ஏற்க இடம் தருகிறது. துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த தொலைபேசி உரையாடலைக்கூட விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீலிடம் கட்சிக்காரர் பேசுவதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. தோழியிடம் பேசியதற்கு அப்படி எதுவும் கிடையாது.

இதுவரை சொன்னது கடன் மாதிரி, பேசித் தீரக்கூடிய விஷயங்கள். சில விஷயங்களை மற்றவர்கள் சும்மா விடுவதில்லை, கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதில் முதலில் நிற்பது குழந்தை. கல்யாணமாகி ஒரு வருடம் ஆனதும் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்ற கேள்வி எல்லா வீட்டு வாசலிலும் நிற்கிறது. டாக்டரிடம் போகிறார்கள், பரிசோதனை செய்கிறார்கள். கணவரின் விந்தணு எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது உடல் சார்ந்த விஷயம், அவருடைய ரகசியம். மனைவி தன் அம்மாவிடம்கூட அதைச் சொல்லக் கூடாது என்பது சரிதான். ஆனால் அந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பது யார்? மாமியார் கோயில் கோயிலாக அழைத்துப் போவதும், விரதம் இருக்கச் சொல்வதும், வளைகாப்பு வீட்டில் ஓரமாக உட்கார வைப்பதும் மருமகளைத்தான். ஒருவரின் ரகசியத்தைக் காப்பாற்ற இன்னொருவர் பழி சுமக்கிறார்.

இங்கே சொல்ல வேண்டியவர் ரகசியத்துக்குச் சொந்தக்காரர்தான். ரிப்போர்ட்டின் விவரம் எதையும் அவர் வெளியிட வேண்டியதில்லை. "அம்மா, ரெண்டு பேரும் டாக்டரைப் பார்த்துட்டு இருக்கோம். குறை அவகிட்ட இல்ல. இனிமே இதைப் பத்தி அவகிட்ட கேட்காதீங்க, என்கிட்ட கேளுங்க" என்று மகன் தன் அம்மாவிடம் சொன்னால் போதும். சொந்தக்காரர்கள் கேட்கும்போது இருவரும் ஒரே பதிலைச் சொல்ல முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். "ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு அத்தை, நல்ல சேதி வந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்வோம்" என்று இருவர் வாயிலும் ஒரே வாக்கியம் வரும்போது, அதற்கு மேல் தோண்டுபவர்கள் குறைவு. அவரவர் பெற்றோரிடம் அவரவரே பேசுவது என்ற ஏற்பாடு குழந்தை விஷயத்துக்கு மட்டுமல்ல, பணத்துக்கும் வேலைக்கும் பொருந்தும். மகன் சொன்னதை அம்மா பொறுப்பார். அதையே மருமகள் சொன்னால் பொறுக்க மாட்டார்.

ஏற்கெனவே சொல்லிவிட்டவர்கள் என்ன செய்வது? சொன்னதைத் திரும்பப் பெற முடியாது, முடித்து வைக்கலாம். யாரிடம் சண்டையைச் சொன்னோமோ அவரிடமே போய், அது எப்படி முடிந்தது என்பதையும் அதே விவரத்தோடு சொல்ல வேண்டும். "இப்ப எல்லாம் சரியாயிடுச்சு, விடுங்க" என்பது போதாது. முக்கால் மணி நேரம் கேட்ட அம்மாவுக்கு அந்த ஒரு வரி சமாளிப்பாகத்தான் படும். அவர் மன்னிப்பு கேட்டார், தம்பி மாதா மாதம் பணம் தருகிறார், கணக்கை நானும் பார்க்கிறேன் என்று நடந்ததைச் சொன்னால் அம்மாவுக்கும் இறங்கி வர ஒரு படி கிடைக்கும். சொன்னதைக் கணவரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாமா வாயிலிருந்து கேட்பதை விட மனைவி வாயிலிருந்து கேட்பது குறைவாகத்தான் வலிக்கும்.

இவ்வளவு நேரம் சொன்ன நிதானம் அத்தனையும் ஒரு இடத்தில் செல்லாது. அடி விழும் வீட்டில், மிரட்டல் இருக்கும் வீட்டில், எதை எவ்வளவு சொல்வது என்ற கணக்கே கூடாது. 2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 14 சதவீதம் பேர்தான் உதவி தேடியிருக்கிறார்கள். 77 சதவீதம் பேர் உதவியும் தேடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்தப் பெண்களில் பலரும் வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவர்களாக இருப்பார்கள்.

அந்தரங்கத்துக்கும் அடக்குமுறைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி உதவும். வெளியே சொல்வதில்லை என்ற முடிவை எடுத்தது யார்? இருவரும் உட்கார்ந்து பேசி, இது நமக்குள் இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தால் அது அந்தரங்கம். ஒருவர் மட்டும் விதி போட்டு, மற்றவர் அதை மீற பயப்பட்டால் அது வேறு. அம்மாவிடம் பேசும்போது ஸ்பீக்கரில் போடச் சொல்வது, போன் பேசிய நேரத்தைக் கணக்குக் கேட்பது, அக்கா வீட்டுக்குப் போய் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, தோழிகளை ஒவ்வொருவராக விலக்கச் சொல்வது எல்லாம் கை ஓங்கும் முன்பே தெரியும் அடையாளங்கள். ஆண்களுக்கும் இது நேர்கிறது. அவர்கள் சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம் கூடுதலாக வாயைக் கட்டுகிறது.

அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர் ஒருவரிடம் சொல்வதை விட இரண்டு மூன்று பேரிடம் சொல்வது நல்லது. ஒருவர் "பொறுத்துப் போ" என்று சொல்லிவிட்டாலும் இன்னொருவர் கதவைத் திறப்பார். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று குறித்து, காயத்தின் படத்தையும் மருத்துவமனைச் சீட்டின் நகலையும் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைப்பது இங்கே முறையான முன்னெச்சரிக்கை. நோட்டுப் புத்தகம் வீட்டில் இருப்பதும்கூட ஆபத்தாக முடியலாம். பெண்களுக்கான உதவி எண் 181, இரவும் பகலும் எடுப்பார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-ன்படி பாதுகாப்பு அலுவலர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் அவர்களைத் தொடர்புகொள்ளலாம்.

அதே சட்டம் கேட்பவருக்கும் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அடுத்த வீட்டுக்காரரோ அக்காவோ தோழியோ, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் பாதுகாப்பு அலுவலரிடம் தாங்களே தகவல் கொடுக்கலாம் என்கிறது 4-வது பிரிவு. நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக அவர்கள் மீது எந்த வழக்கும் பொறுப்பும் வராது என்றும் அதே பிரிவு சொல்கிறது.